‘சொல்லாதீர்கள்’ வருவதற்கு முன்னால்

பிரார்த்தனை மண்டபத்தின் பின்பக்கம், படிக்கட்டுக்குக் கீழே இருந்த சின்ன அறையில்தான் அவளுக்கு வேலை. மண்டபத்தில் ஐயா பேசுவார். எடிட்டர் அந்தப் பேச்சைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டுவார். ஒவ்வொரு துண்டிலும் ஓடுகிற வரிகளை அவள் எழுதுவாள். அதனாலேயே அங்கே எல்லோருக்கும் அவள் ‘வரியக்கா’.

கேட்கிறதுக்குச் சுலபமான வேலை மாதிரி இருக்கும். ஆனால் அந்த வீடியோக்களைப் பார்க்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஐயாவின் குரலைக் கேட்டதே கிடையாது. பஸ்ஸிலும், பேங்க் வரிசையிலும், தூங்குகிற பிள்ளைக்குப் பக்கத்திலும் ஃபோனை விரலால் தள்ளிக்கொண்டே போவார்கள். வீடியோ தானாக ஓட ஆரம்பிக்கும், சத்தமில்லாமல். ஐயாவின் வாய் அசையும். அவள் எழுதியது தெரியும். முதல் வரி பிடித்தால் விரல் நிற்கும். இல்லாவிட்டால் அடுத்த ஆளுடைய பூனை வீடியோவுக்குப் போய்விடும்.

ஐயா மேடையில் வீட்டுப் பேச்சுத்தான் பேசுவார். “கடவுள் உன்னை விட்டுட்டு எங்க போயிருவாரு?” என்பார். காதில் கேட்டால் கண் கலங்கும். அப்படியே எழுத்தில் போட்டால், ஏதோ கடைக்குப் போன ஆளைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும். ‘மரியாதை இல்லை’ என்று நிர்வாகக் குழுவிலிருந்து ஃபோன் வரும். சரி, ‘இறைவன் தம் அடியாரைக் கைவிடுவதில்லை’ என்று போட்டால் குழுவுக்கு மகிழ்ச்சி. பஸ்ஸில் இருக்கிறவன் படித்து முடிப்பதற்குள் வரி மாறிவிடும்.

இதற்கு அவள் வைத்திருந்த சோதனை அவள் புருஷன்தான். லேத் பட்டறையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருப்பவர் முகத்துக்கு நேரே ஃபோனை நீட்டுவாள். சத்தம் இருக்காது. அவர் உதடு அசையப் படிப்பார். எங்கே உதடு தடுக்குகிறதோ அந்த வார்த்தை போச்சு.

“இந்த வார்த்தையைப் படிக்கணும்னா குளிச்சிட்டு வரணும் போலிருக்கே,” என்பார். ‘பேரருட்பெருக்கு’ அப்படித்தான் ஒழிந்தது.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தத் துண்டு வருகிற வரைக்கும்.

பிள்ளையைப் பறிகொடுத்தவர்களைப் பற்றி ஐயா பேசியிருந்தார். “உன் பிள்ளையைக் கடவுள் கூப்பிட்டுக்கிட்டாருன்னு யாருகிட்டயும் சொல்லாதீங்கப்பா. அவர் எடுத்துட்டுப் போறவர் இல்ல. பக்கத்துல உட்கார்ந்து அழறவர்.” முதல் பாதியை, துக்க வீட்டுக்கு வந்து வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போகிற ஆட்களின் குரலில் பேசிக் காட்டினார். கேட்டுக்கொண்டிருந்தால் குழப்பமே வராது.

திரையில் ஒரு நேரத்தில் வந்து நிற்கிற எழுத்தை அவர்கள் அட்டை என்பார்கள். ஒரு அட்டையில் இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது. முதல் அட்டை கண்ணில் அடிக்க வேண்டும் என்று எடிட்டர் சொல்லிக்கொண்டே இருப்பார். அவள் ‘கூப்பிட்டுக்கிட்டார்’ என்பதை மரியாதைக்காக மாற்றினாள். நீளமாகிவிட்டது. இரண்டாக வெட்டினாள்.

முதல் அட்டை: ‘உங்கள் குழந்தையை இறைவன் தம்மிடம் அழைத்துக்கொண்டார்’.

இரண்டாவது அட்டை: ‘என்று யாரிடமும் சொல்லாதீர்கள்’.

அன்றைக்குப் புருஷனுக்கு ராத்திரி ஷிப்ட். அவரிடம் காட்டவில்லை. எடிட்டர் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார், காதில் ஹெட்ஃபோனோடு. “பிரமாதம்க்கா,” என்று ஏற்றிவிட்டார்.

வீடியோ காட்டுத்தீ மாதிரி பரவியது. குழுவின் செயலாளர் அறைக்கே வந்து பாராட்டினார். அவள் கருத்துகளைப் படித்துக்கொண்டு வந்தாள். கும்பிடு போட்ட கைகள், அழுகிற முகங்கள். நடுவில் ஒன்று, படமே இல்லாத ஒரு கணக்கிலிருந்து:

‘ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல உட்கார்ந்திருக்கேன். நான் பெத்த பிள்ளை உள்ள இருக்கான். இதை எனக்கு எதுக்குக் காட்டுனீங்க?’

அவளுக்கு முதலில் புரியவில்லை. வீடியோவை மறுபடி ஓட்டினாள். சத்தத்தை அடைத்துவிட்டு ஓட்டினாள். வெள்ளை எழுத்தில் முதல் அட்டை வந்து நின்றது. அந்தப் பெண் ‘சொல்லாதீர்கள்’ வரைக்கும் வரவே இல்லை. எப்படி வருவாள்? முதல் வரியிலேயே ஃபோனைக் கவிழ்த்திருப்பாள். நம் மொழியில் ‘இல்லை’, ‘வேண்டாம்’ எல்லாம் கடைசியில்தான் வந்து சேரும். அதற்குள் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது.

“எடிட்டர், இதை இப்பவே மாத்தணும்,” என்றாள்.

“மாத்த முடியாதுக்கா. எழுத்தைப் படத்தோடயே பதிச்சாச்சு. தனி ஃபைலாக் குடுத்திருந்தா திருத்தலாம். ஆனா அது எல்லா ஃபோன்லயும் தெரியாதுன்னுதானே நாம பதிக்கிறோம்? எடுத்துட்டுப் புதுசாத்தான் ஏத்தணும்.”

“எடுங்க அப்போ.”

எடிட்டர் தயங்கினார். “எடுத்தா கருத்தெல்லாமும் போயிரும். அந்தம்மா எழுதினதும்.”

“அப்போ இப்ப எடுக்காதீங்க,” என்றாள். அந்தப் பெண்ணின் பேர் தெரியாது, ஊர் தெரியாது. அந்த வாக்கியம் ஒன்றுதான் அவளுக்கும் தனக்கும் நடுவே இருந்த இழை. கீழே பதில் எழுதினாள்: ‘அம்மா, வரி முழுசா வரல. ஐயா அப்படிச் சொல்லாதீங்கன்னுதான் சொன்னார். தப்பு என்னோடது. பிள்ளை எப்படி இருக்கான்?’ அதையே அந்தக் கணக்குக்குத் தனியாகவும் அனுப்பினாள்.

பதில் வரவில்லை.

வீட்டில் சோறு இறங்கவில்லை. குழாயைத் திறந்தால் அந்தக் கேள்வி, கண்ணை மூடினால் அந்தக் கேள்வி. வராந்தா, பிளாஸ்டிக் நாற்காலி, கதவுக்கு மேலே எரிகிற சிவப்பு விளக்கு. பார்க்காத இடமெல்லாம் பார்த்த மாதிரி இருந்தது. அந்த நாற்காலியில் இருப்பவளுக்கு மட்டும் முகம் வரவில்லை. முகம் இல்லாததுதான் அவளை அதிகமாக வாட்டியது. எதிரே வருகிற எந்தப் பெண்ணும் அவளாக இருக்கலாமே.

“நீ என்ன வேணும்னா செஞ்ச?” என்றார் புருஷன்.

“அதைக் கேக்கலீங்க. அந்தப் பிள்ளை பொழைச்சுதான்னு கேக்கறேன்.”

அவர் அவள் தட்டை எடுத்து மூடி வைத்தார்.

மறுநாள் பஸ்ஸில், முன் சீட்டில் இருந்த பெரியம்மா ஒருத்தி ஃபோனைத் தள்ளிக்கொண்டே வந்தாள். ஐயாவின் முகம் வந்தது. சத்தமில்லை. ‘உங்கள் குழந்தையை இறைவன் தம்மிடம்...’ பெரியம்மாவின் தோள் ஒரு தரம் குலுங்கியது. அடுத்த அட்டை வருவதற்குள் விரல் தள்ளிவிட்டது. வரியக்கா தன் ஸ்டாப்புக்கு இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிவிட்டாள்.

நேரே ஐயாவிடம் போனாள். பக்கத்தில் செயலாளரும் இருந்தார். விஷயத்தைச் சொல்லிவிட்டு, ஃபோனில் சத்தத்தை அடைத்து ஐயா கையில் கொடுத்தாள்.

ஐயா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தன்னையே பார்த்தார். “சத்தம் எங்க?” என்றார்.

“பெரும்பாலும் இப்படித்தான் ஐயா பார்க்கறாங்க.”

“அப்போ நான் பேசறது யாருக்கும் கேக்கறதே இல்லையா?” அவர் ஃபோனை அவளிடம் திருப்பி நீட்டினார். “இதுல வாயசைக்கிறது நான். பேசறது யாரும்மா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

செயலாளர் தொண்டையைச் செருமினார். “இவ்வளவு பேர்கிட்ட போயிருக்கு ஐயா. லட்சம் பேர்ல ஒருத்தங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டா...”

“அந்த ஒருத்தங்க தியேட்டர் வாசல்ல இருக்காங்கல்ல,” என்றார் ஐயா. பிறகு அவளைப் பார்த்தார். “நான் பேசினதை அப்படியே போட்டுர்றதுதானேம்மா?”

“அப்படியே போட்டாலும் இதே கதைதான் ஐயா. ‘கடவுள் கூப்பிட்டுக்கிட்டாரு’ன்னு முதல்ல வரும். வார்த்தை பெருசா சின்னதாங்கறது மட்டும் இல்ல. எதை முதல்ல வைக்கறோம்ங்கறதும் இருக்கு. துண்டையே வேற இடத்துல இருந்து ஆரம்பிக்கணும்.”

“செய்.”

எடுப்பதற்கு முன்னால் அந்தக் கருத்தைக் கடைசியாக ஒரு தரம் படித்தாள். எடிட்டர் படம்பிடித்து வைத்துக்கொள்ளச் சொன்னார். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். அந்த அம்மா அழுததைப் பையில் போட்டுக்கொண்டு திரிய அவளுக்கு மனசு வரவில்லை. எடிட்டர் பொத்தானை அழுத்தினார். வீடியோ போனது, வாசலில் உட்கார்ந்திருந்தவளும் போனாள்.

புதிய துண்டு, ‘பக்கத்துல உட்கார்ந்து அழறவர்’ என்று ஐயா சொன்ன இடத்திலிருந்து தொடங்கியது. அந்த முதல் அட்டைக்குத்தான் அவள் அரை நாள் செலவழித்தாள். ‘இறைவன் அருகமர்ந்து கண்ணீர் உகுக்கிறார்’ என்று குழு ஒரு வரி அனுப்பியது. அது கல்வெட்டு மாதிரி இருந்தது. ‘கடவுள் பக்கத்துல உக்காந்து அழறாரு’ என்று எடிட்டர் சொன்னார். அது பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்கிற மாதிரி இருந்தது. கடைசியில் ‘இறைவன்’ என்ற ஒரு வார்த்தையையும், வினையின் ‘ஆர்’ விகுதியையும் மரியாதைக்கு வைத்துக்கொண்டாள். மற்றதையெல்லாம் கைக்குழந்தைக்காரி ஒரே பார்வையில் படிக்கிற மாதிரி ஆக்கினாள்:

‘இறைவன் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறார்’.

புருஷனிடம் காட்டினாள். உதடு தடுக்காமல் படித்தார். பிறகு ஃபோனைத் திருப்பிக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தார்.

பழைய வீடியோ சாகவில்லை. யார் யாரோ இறக்கி வைத்துக்கொண்டு, சோகப் பாட்டு சேர்த்து, தங்கள் பக்கங்களில் போட்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்காக எழுதிக் கேட்டாள். சிலர் எடுத்தார்கள். சிலர் ‘நல்லாத்தானே இருக்கு’ என்றார்கள். பலர் பதிலே போடவில்லை. தான் எழுதிய வரி எந்தெந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலோ இன்னும் போய் நிற்கிறது என்ற நினைப்பு அவளை விட்டுப் போகவில்லை.

ஒரு மத்தியானம், மழைக்கால இருட்டில், ஃபோனை எடுத்தபோது, தனியாக அனுப்பிய சேதிக்குக் கீழே ‘பார்த்தாச்சு’ என்ற குறி விழுந்திருந்தது. எழுதுகிறாளா என்று திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று புள்ளிகள் வந்தன. நின்றன. மறுபடி வந்தன. பிறகு ஒன்றுமே வரவில்லை. அடுத்த நாள் பார்த்தால் அந்தக் கணக்கே இல்லை.

“படிச்சிருக்காங்கல்லக்கா,” என்றார் எடிட்டர். “நீங்க சொல்ல வேண்டியது போய்ச் சேர்ந்துருச்சு.”

“சேர்ந்துச்சு. எப்படிப்பட்ட வீட்டுல போய்ச் சேர்ந்துச்சுன்னு தெரியலையே.”

அதற்கப்புறம் அவள் வேலை செய்கிற விதம் மாறியது. ஹெட்ஃபோனை மேஜையில் கழற்றி வைத்துவிட்டு, முதல் அட்டையை மட்டும் திரையில் நிறுத்துவாள். அடுத்த வரி வரவே போவதில்லை என்று வைத்துக்கொண்டு படிப்பாள். எடிட்டர் அவசரப்படுத்தினால், “இருங்க, அவங்க படிக்கட்டும்,” என்பாள். யார் என்று அவர் கேட்பதில்லை. பக்கத்தில் காலியாகக் கிடக்கும் நாற்காலியில் தன் பையைக்கூட அவள் வைப்பதில்லை என்பதை அவர் கவனித்திருந்தார்.