எங்கள் மேல் விழாத கேமரா

கணவரின் அடி தாங்காமல் ஆறு வயது மகளோடு ஈரோட்டிலிருந்து கிளம்பி, காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். இருக்கும் இடம் என் அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

புதிதாகப் போன சர்ச்சின் வாசலில் ஓர் அறிவிப்பு இருந்தது. ஆராதனை நேரலையாக ஒளிபரப்பாகிறது, பதிவும் செய்யப்படுகிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பெற்றோர் சம்மதம் இல்லாமல் குழந்தைகளின் முகத்தைக் காட்ட மாட்டோம். இடப்பக்கக் கடைசி நான்கு வரிசைகள் கேமராவில் விழாது.

படித்ததும் திரும்பிப் போக நினைத்தேன். ஆனால் வேறு போக்கிடம் இல்லை. அங்கே கேமராவை இயக்கும் அண்ணனிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன்.

"கடைசி வரிசையில உக்காந்துக்குங்க அம்மணி. அந்தப் பக்கம் திருப்பவே மாட்டேன்" என்றார். சொன்னபடியே செய்தார்.

ஒரு ஞாயிறு, அவர் ஊரில் இல்லை. என் விஷயம் தெரியாத வேறொருவர் கேமராவை இயக்கினார். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பாட வந்தபோது வகுப்பிலிருந்த என் மகளும் அவர்களோடு மேடை ஏறிவிட்டாள். தூணில் இருந்த டிவியில் திடீரென்று அவள் முகம் மட்டும், திரை நிறைய.

பாட்டுக்கு நடுவே கேமராக்காரரிடம் ஓடினேன்.

"நிறுத்துங்க. எம்புள்ளையக் காட்டாதீங்க."

அவர் பயந்துபோய் நேரலையைத் துண்டித்து, பதிவை யாரும் பார்க்க முடியாதபடி மாற்றினார்.

"இதுக்குள்ள யார் பாத்தாங்க?"

"எத்தன பேருன்னுதானுங்க காட்டும். யாருன்னு தெரியாது."

"பாத்ததை அழிக்க முடியாதா?"

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மகள் இன்னும் பாடிக்கொண்டிருந்தாள்.

மதியம் அம்மா போனில் அழைத்தார். "உன் நாத்தனார் போன் பண்ணுச்சு. புள்ள நல்லாப் பாடுதாம். எந்தச் சர்ச்சுன்னும் சொல்லுச்சு." நாத்தனார் ஞாயிறு முழுக்கப் போனில் ஒவ்வொரு சபையாகப் பார்ப்பவர்; அது எனக்கு நினைவில் இல்லாமல் போயிற்று.

கதவைப் பூட்டிக்கொண்டேன். மாடிப்படியில் காலடி கேட்டாலே மகளின் வாயைப் பொத்தினேன். அவளோ, "நான் தப்பாப் பாடினேனாம்மா?" என்று கேட்டாள். அவளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

காலையில் நடந்ததை அறிந்து, ஞாயிறு பள்ளிப் பதிவில் இருந்த முகவரியைப் பார்த்து, பொழுது சாய்வதற்குள் சர்ச் ஆயரின் மனைவி ஆட்டோவோடு வந்தார். "துணிய மட்டும் எடுத்துக்க கண்ணு. கேள்வியெல்லாம் அப்புறம் கேட்டுக்கலாம்." அவிநாசி பக்கம் பெண்கள் விடுதி ஒன்றில் எங்களைச் சேர்த்தார், மறுநாள் கணவர் எங்களை நெருங்கக் கூடாதென்று கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவுக்கு மனுப் போட வக்கீலிடமும் அழைத்துப் போனார்.

அடுத்த ஞாயிறு என் கணவர் சர்ச் வாசலில் ஆராதனை முடியும்வரை நின்றாராம். ஆயர் வெளியே போய், அவர்கள் இங்கே இல்லை என்று மட்டும் சொன்னாராம்.

இப்போது அங்கே பிள்ளைகள் பாடும் நேரம் திரையில் சிலுவைப் படம்தான் தெரியும், பாட்டு மட்டும் கேட்கும் என்கிறார்கள். உத்தரவு கிடைத்துவிட்டது. மகள் பள்ளிக்குப் போகிறாள். குழுப்படம் எடுக்கிற நாளில் மட்டும் இன்னும் நான் அவளை அனுப்புவதில்லை.