ஆடிஷனில் ஒப்பாரி வைக்காதவள்

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. ரேஷன் கடையில்கூட என் முறை வந்தால் கார்டை நீட்டிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள். அப்படிப்பட்ட நான் சினிமாவுக்கு ஆள் எடுக்கிற இடத்துக்கு, அறுபத்தேழு வயதில், நானாகவே நடந்து போனேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். ஆசைதான். வேறு ஒரு காரணமும் கிடையாது.

எங்கள் மலையிலேயே எடுக்கிற படமாம். மிளகு பறிக்க, கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏறிய ஆள் தவறி விழுந்து செத்துப்போகிறான். அவன் பெண்டாட்டிதான் கதையில் முக்கியமான ஆள். அதற்கு மலைக்காரப் பெண் ஒருத்தி வேண்டும், நடிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்று செல்போனில் செய்தி வந்தது. அரியூர் நாட்டு சமுதாயக் கூடத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். எங்கள் மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு. என் மகன் அதைப் படித்துக் காட்டிவிட்டுச் சிரித்தான். நான் போகிறேன் என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. இந்த வயசில் ஊர் கைகொட்டிச் சிரிக்கும் என்றான். சிரிக்கட்டும் என்றேன். அவனிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

கூடத்தில் ஒரே கூட்டம். எல்லோரும் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி பட்டுச்சேலை, முகத்தில் அப்பிய பவுடர், தலை நிறைய பூ. நானும் பவுடர் போட்டுத்தான் போனேன், மறைக்க என்ன இருக்கிறது. வாசலிலேயே ஒரு வாளித் தண்ணீரும் மக்கும் வைத்து முகம் கழுவிவிட்டு வரச் சொன்னார்கள். அதிலேயே கோபித்துக்கொண்டு இரண்டு பேர் திரும்பிப் போய்விட்டார்கள்.

ஆள் எடுக்கிறவர் மெட்ராஸ்காரப் பெண்மணி. நாற்பது வயது இருக்கும். காஸ்டிங் டைரக்டர் என்றார்கள். படத்தை எடுக்கிற டைரக்டர் வேறு ஆள். யார் யார் நடிக்கலாம் என்று தேடிப் பார்த்து அவரிடம் காட்டுகிறவர் இவர். அதிகம் பேசமாட்டார். பேசுகிறவர்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே ஒவ்வொருத்தராகத்தான் விட்டார்கள். சுவரில் வெள்ளைத் துணி. மூன்று கால் ஸ்டாண்டில் காமிரா. தரையில் டேப் ஒட்டி அதன்மேல் நிற்கச் சொன்னார்கள். என் நம்பர் எழுதிய அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு பேர், ஊர், வயது சொல்ல வேண்டும். அப்புறம் இடது பக்கம், வலது பக்கம் திரும்பிக் காட்ட வேண்டும். எனக்குப் பேரே வெளியே வரவில்லை. அந்த அம்மா அவசரப்படுத்தவில்லை. ஆடு எத்தனை இருக்கிறது, மரவள்ளி எத்தனை மாதத்தில் பிடுங்குவீர்கள், முப்பது நாள் வீட்டை விட்டு வந்தால் அடுப்பை யார் பார்ப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசிக் கேள்வி மட்டும் சும்மா கேட்டதில்லை என்று பிறகுதான் தெரிந்தது. பாதிப் படத்தில் வீட்டுக்காரர் கூப்பிட்டார் என்று ஓடிவிட்டால் அவர்களுக்கு நஷ்டமாம்.

அப்புறம் ஒரு வேலை கொடுத்தார். கையில் மரவள்ளிக் கிழங்கும் கத்தியும். கதைப்படி, இரண்டு வருஷமாகத் திருப்பூரிலிருந்து வராத மகன் இப்போது வருகிறான். எனக்குப் பேச்சு எதுவும் கிடையாது. காமிராவைப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். காமிராவுக்குப் பக்கத்தில் தாடி வைத்த ஓர் ஆள் உட்கார்ந்து மகனுக்கான பேச்சைப் படித்தார். பால் கணக்கு ஒப்பிக்கிற மாதிரி, ஏற்றம் இறக்கம் எதுவும் இல்லாமல், "அம்மா, வந்துட்டேன்" என்றார்.

நான் கிழங்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனேன். வந்தவனுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டாமா? கூடத்து மூலையில் இருந்த குடத்தில் மொண்டு, சொம்பை எடுத்துக்கொண்டு வந்து பார்த்தால், தாடிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். நான் டேப்பை விட்டுப் போனதில் காமிராவில் வெறும் வெள்ளைத் துணிதான் இருந்ததாம். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

அந்த அம்மா சிரிக்கவில்லை. "பரவால்லம்மா. இப்ப அதையே பண்ணுங்க, ஆனா எந்திரிக்காம. அவன் மேல உங்களுக்குக் கோவம். அது அவனுக்குத் தெரியக் கூடாது."

மறுபடி உட்கார்ந்தேன். தாடிக்காரர் அதே வார்த்தையைச் சொன்னார். என் கை ஒரு கணம் நின்றது, நான் நிமிரவே இல்லை. கிழங்குத் தோலை நீளமாக, அறுந்துவிடாமல் சீவிக்கொண்டிருந்தேன். சீவி முடித்தபிறகுதான் பார்த்தேன். மூன்றாவது தடவை, இப்போது செய்ததை அப்படியே திரும்பச் செய்யச் சொன்னார். எந்த வார்த்தைக்குக் கை நின்றதோ அதே வார்த்தைக்கு நிற்க வேண்டுமாம். அது முடிந்ததும், எதற்கு இத்தனை தடவை என்று தைரியமாகக் கேட்டுவிட்டேன். லட்சணம் காமிராவில் ஒரு நிமிஷம்தான் நிற்கும் என்றார். எதிராளி சொல்வது காதில் ஏறுகிறதா, மாற்றிச் செய் என்றால் மாற்ற முடிகிறதா, அதையே செய் என்றால் அதேபோல் வருகிறதா, சும்மா இருக்கச் சொன்னால் சும்மா இருக்கத் தெரிகிறதா, அதைத்தான் பார்ப்பாராம். "கூச்சப்படுறவங்க நல்லாக் கேப்பாங்க" என்றார். எனக்கு அது இனித்தது. எத்தனையோ வருஷமாக என்னிடம் இருக்கிற குறையை ஒருத்தி குணம் என்று சொல்லிவிட்டாள்.

அதன்பிறகுதான் வினை. புருஷன் செத்த சேதி வருகிறது, ஒப்பாரி வைத்துக் காட்டுங்கள் என்றார்.

"வெக்க மாட்டேனுங்க" என்றேன்.

தெரியாதா என்று கேட்டார். தெரியும். எங்கள் பக்கத்தில் சாவு வீட்டில் நான் குரல் கொடுத்தால் சேர்ந்து பாட ஆள் வரும். அது ஒன்றில்தான் எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் சாவு விழாத இடத்தில் ஒப்பாரி வாயில் வரக் கூடாது. சின்ன வயதில் விளையாட்டுக்குப் பாடிப் பார்த்ததற்கே வாயில் அடி வாங்கியிருக்கிறேன். அதுவும் வீட்டில் என் ஆள் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கும்போது.

எனக்கு அடுத்து ஆலத்தூர் நாட்டுப் பெண் ஒருத்தி போனாள். அவள் வைத்தாள். வெளியே நின்ற ஒருத்தி தலைப்பூவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். அவள் புருஷன் செத்துப் பல வருஷம் ஆகிறது.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். "வெச்சிருக்க வேண்டியதுதானே புள்ள. நான் செத்தா நீ என்ன பாடுவேன்னு எனக்கும் கேக்கோணும்னு ஆசைதான். செத்தப்புறம் எங்க கேக்கறது?"

"உங்களுக்கு வேணும்னா நீங்களே பாடிக்கோங்க."

"எனக்கு ஒண்ணும் ஆவாது. நானே சொல்றேன், வெய்யி."

அவர் சொல்லியும் எனக்கு மனசு வரவில்லை. இனிக் கூப்பிடமாட்டார்கள் என்று நினைத்துப் பத்து நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அந்த வேஷத்துக்கு நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

கூப்பிட்டார்கள். ஸ்கிரீன் டெஸ்ட் என்றார்கள். பெரிய காமிரா, விளக்கு, வேஷத்துக்கான சேலை எல்லாம் வைத்து, படத்தில் இந்த முகம் எப்படி வரும் என்று பார்ப்பது. ஒரு பழைய ஓட்டு வீட்டில் நடந்தது. ஆலத்தூர்க்காரியும் வந்திருந்தாள். மற்ற எல்லோரையும் கழித்துவிட்டு எங்கள் இரண்டு பேரைத்தான் நிறுத்தியிருந்தார்கள். இந்த முறை டைரக்டரே டிவி பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷன்தான். என்னை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். உலகத்தில் எல்லோரும் நடிக்கிறார்கள், யாரும் அதனால் சாகவில்லை என்றார்.

"நடிக்கறேனுங்க. ஒப்பாரி மட்டும் வேண்டாமுங்க" என்றேன். என் குரல் நடுங்கியது. நடுங்கிக்கொண்டே சொன்னேன்.

அப்புறம் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். சேதி வந்த உடனே எந்தப் பெண்ணும் பாட்டெடுக்கமாட்டாள், உடல் வந்து ஆளும் கூடியபிறகுதான் பாட்டு வரும் என்றேன். அதற்கு முன்னால் அவள் அடுப்பை அணைப்பாள். சாவு வீட்டில் அடுப்பு எரியாது. அவளுக்கு அழுகை வருவதற்கு முன்பே கை அந்த வேலையைச் செய்துவிடும். அடுப்பணைப்பது தினமும் செய்கிற வேலை, அதில் எனக்குத் தடை இல்லை.

டைரக்டர் காஸ்டிங் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா, எடுத்துப் பார்ப்போம் என்றார்.

உலையில் சாமை கொதித்துக்கொண்டிருந்தது. தாடிக்காரர் வாசலில் நின்று சேதி சொன்னார். நான் விறகை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தேன். தண்ணீர் தெளித்தேன். புகை கண்ணில் ஏறியும் துடைக்கவில்லை. வேகாத சோற்றை என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை. அதனால் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட் என்று சொல்ல வெகு நேரம் ஆயிற்று. இரண்டாவது தடவை, சேதியை நம்பாத மாதிரி செய்யச் சொன்னார் அந்த அம்மா. அதையும் செய்தேன். டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நாலாம் நாள் காஸ்டிங் அம்மா போன் செய்தார். ஆளை வைத்துச் சொல்லாமல் அவரே பேசியது எனக்குப் பெரிசு. டைரக்டருக்கு நான் செய்தது பிடித்திருக்கிறதாம். ஆனால் கதையில் பின்னால் ஓர் இடத்தில் ஒப்பாரி வந்தே ஆக வேண்டுமாம். வேறு ஆள் குரலைப் போட்டால் ஒட்டாதாம். இவர் எனக்காகப் பேசிப் பார்த்தாராம். முடிவு சொல்கிறவர் டைரக்டர்தான், தான் இல்லை என்றார்.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம் கேட்டிருக்கேன்மா. ஒரே ஒரு தடவை வெச்சீங்கன்னா வேஷம் உங்களுக்குத்தான்."

பக்கத்தில் வீட்டுக்காரர் தலையை ஆட்டி ஆட்டி ஜாடை காட்டினார். என்னைத் தடுத்த மகனும் இப்போது, ஒத்துக்கொள் என்றான்.

"நாளைக்கு வரைக்கும் எதுக்குங்க. இப்பவே சொல்றேன். மாட்டேனுங்க."

பக்கத்து வீட்டுப் பெண்ணாக ஓரத்தில் நிற்கிற வேஷம் இருக்கிறது, தரட்டுமா என்று கேட்டார். அதுவும் வேண்டாம் என்றேன். ஓரத்தில் நிற்பதற்கு எனக்கு ஆடிஷன் தேவையில்லை, அறுபது வருஷமாக அங்கேதான் நின்றேன். இதை அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

ஆலத்தூர்க்காரிக்கு வேஷம் கிடைத்தது. ஷூட்டிங்கைப் பார்க்கப் போனேன். வீட்டில் வேண்டாம் என்றார்கள், போனேன். அவள் நன்றாகத்தான் பாடினாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. அவள் மாதிரி நானும் பாடியிருப்பேன், அவளைவிட நன்றாகவே பாடியிருப்பேன். ஊரில் என்னைப் பார்க்கிறவர்கள், ஓர் அழுகைக்காக வாய்ப்பை விட்டவள் என்று இரக்கப்படுகிறார்கள். அந்த இரக்கம் எனக்கு வேண்டியதில்லை. இரண்டு பேர் மட்டும் மிச்சம் என்கிற இடம் வரைக்கும் என் காலில் நடந்து போனவள் நான். அதற்கப்புறம் என்னை யாரும் கழிக்கவில்லை. வேண்டாம் என்று சொன்னது நான்தான்.

போன மாதம் காஸ்டிங் அம்மா மறுபடி போன் செய்தார். வேறு படமாம், பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற கிழவியாம். நேரில் வர வேண்டாம், செல்போனைப் படுக்கை வாட்டில் வைத்து, வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி ஜன்னலைப் பார்த்து நின்று, வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார். அந்தக் கிழவி யாருக்காவது அழ வேண்டுமா என்று முதலில் கேட்டேன். இல்லையாம், போலீஸ்காரனைத் திட்ட வேண்டுமாம்.

போலீஸ்காரன் பேச்சை என் வீட்டுக்காரர் படித்தார். நான் திட்டத் தொடங்கியதும் நிஜமாகவே இரண்டடி பின்னால் போய்விட்டார்.