துருப்பிடித்த கட்டைவிரல்கள்

ஷியாமளாவுக்குத் தன்னைப் பற்றி ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. சந்தேகமெல்லாம் மற்றவர்களுடைய விரல்களைப் பற்றித்தான்.

பல்லேபொல போகிற பாதையில் கலந்தர் முதலாளியின் வேர்க்‌ஷொப் இருக்கிறது. தண்ணீர்ப் பம்புகளுக்கு வேண்டிய ஷாஃப்டும் புஷ்ஷும் அங்கேதான் கடைகிறார்கள். அதன் ஸ்டோர் கவுண்டரில் கையுறையும் துடைக்கிற துணியும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஷியாமளா, வார இறுதி வகுப்புகளுக்குப் போய்ப் படித்து, அளவுக் கருவிகள் வைக்கிற ஏசி அறைக்குப் பொறுப்பாளரானாள். ஒரு கட்டில் போட்டால் நடக்க இடமில்லாத அறைதான். ஆனாலும் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு அவள் நடக்கிற நடையைப் பார்த்தால், மாத்தளை மாவட்டத்தையே பூட்டிவிட்டு வருகிற மாதிரி இருக்கும்.

அந்தச் சாவிக்குத்தான் ஆபத்து வந்திருந்தது.

போன வருஷம் ஆயுத பூசையன்று, லேத்தில் மூத்த கையான மகேஸ்வரன் பக்தி முற்றிப்போய் ஸ்லிப் கேஜ் பெட்டியைத் திறந்தார். முகம் பார்க்கலாம் போல மினுங்குகிற சின்னச் சின்ன எஃகுக் கட்டைகள். மைக்ரோமீட்டர் உண்மை பேசுகிறதா என்று பார்ப்பது இவற்றை வைத்துத்தான். மகேஸ்வரன் ஒன்று விடாமல் எடுத்து அடுக்கி, ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஈரச் சந்தனம் வைத்துக் குங்குமமும் வைத்தார். மறுநாள் சந்தனத்துக்கு அடியில் துரு. சாமி காரியம் அழுக்காக இருக்கலாமா? எமரித்தாள் எடுத்துத் தேய் தேயென்று தேய்த்தார். கட்டைகள் பளபளத்தன, அளவு போய்விட்டது. அவற்றை நம்பிச் சரிபார்த்த மைக்ரோமீட்டர்களை நம்பிக் கடைந்த ஷாஃப்டுகள், கொழும்புக் கம்பனியிலிருந்து லொறியோடு திரும்பி வந்தன.

புதுப் பெட்டி வாங்கிய அன்றே கலந்தர் முதலாளி தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இந்த வருஷப் பூசை கழிஞ்சும் பெட்டி வந்த மாதிரியே இருக்கணும், புள்ள. இல்லாட்டி சாவி என் மச்சானுக்கு. நீங்க திரும்ப ஸ்டோருக்கு."

மச்சான் டைல்ஸ் கடை வைத்திருந்தவர். அவருக்கு டேப்பை இழுத்தால் அளவு, விட்டால் முடிந்தது.

"அதுக்குள்ள எல்லாருக்கும் பழக்கிடுறேன், முதலாளி."

"எதுக்குப் பழக்கணும்? 'தொடாதே'ன்னு ஒரு போட் மாட்டுங்களே."

"தொடாம எப்படி அளக்குறது? தொடுறதுக்குத்தான் பழக்கணும்."

பயிற்சித் திட்டம் தேத்தண்ணி நேரத்தில், மெஷின் பக்கத்து மேசையிலேயே தொடங்கியது. முதல் பாடம் மிக எளியது. கெட்டுப்போன பழைய கட்டைகளை எண்ணெய் போகத் துடைத்து, ஆளுக்கொன்று நீட்டி, "கட்டைவிரல அமத்துங்க" என்றாள். வேறு இரண்டையும் வைத்தாள். ஒன்றில் ஈரச் சந்தனம், இன்னொன்றில் ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் ஈரத்துணியோடு கண்ணாடிக் கிளாஸ்களைக் கவிழ்த்து மூடினாள்.

"என் கை சின்ன வயசிலேருந்து எண்ணெயில ஊறின கை, தங்கச்சி," என்றார் மகேஸ்வரன். "அதுல துரு வராது."

திங்கட்கிழமை கிளாஸ்களைத் தூக்கினாள். கைபட்ட ஒவ்வொரு கட்டையிலும் ஒரு கட்டைவிரல், செம்பழுப்பு ரேகைகளோடு அச்சொட்டாக விழுந்திருந்தது. வியர்வை உப்பின் கைங்கரியம்.

"ஐடி காட்டுக்குக் கூட என் ரேகை இவ்வளவு தெளிவா விழல்ல," என்றான் வஹகோட்டையிலிருந்து வருகிற மில்லிங் மெஷின்காரன் மேர்வின். "மகேஸ் அண்ணே, இந்தா உங்கட எண்ணெயில ஊறின கை! ஃபிரேம் போட்டு மாட்டுவமா?"

மகேஸ்வரன் தன் விரலைப் பார்க்கவில்லை. சந்தனம் வைத்த கட்டையைப் பார்த்தார். வட்டமாக, அழகாக, அழியாத துருப்பொட்டு. ஒன்றும் வைக்காதது முகம் தெரிய மினுங்கியது.

அதற்குப் பிறகு பாடங்கள் வேகம் பிடித்தன. மைக்ரோமீட்டரின் வாயைச் சுத்தமான தாளில் மெல்ல மூடி, தாளை உருவி எடுத்துத் துடைத்தார்கள். வைக்கும்போது இரண்டு முகமும் முட்டாமல் கொஞ்சம் திறந்து வைத்தார்கள். காற்றுக்குழாயால் ஊதினால் தூசு வெளியே போகாது, உள்ளே குடிபோகும் என்று தெரிந்துகொண்டார்கள். அரத்தோடும் ஸ்பானரோடும் ஒரே மேசை லாச்சியில் கிடந்த கேலிப்பர்களுக்குத் தனி மெத்தை கிடைத்தது. துளையின் அளவு பார்க்கிற பிளக் கேஜை மேர்வின் துளைக்குள் தட்டி இறக்கப் பார்த்தபோது, "தானா இறங்காட்டி துளை சரியில்லன்னு அர்த்தம். அத சொல்லத்தான் அது இருக்கு, அடிவாங்க இல்ல," என்றாள் ஷியாமளா. கீழே விழுந்ததை ஒளிக்காமல் அவளிடம் கொண்டுவந்தவனுக்கு ஏச்சு இல்லை. ஒளித்தவனுக்கு, மேர்வினின் நாக்கு போதுமாக இருந்தது.

கடைசி வகுப்பில் மகேஸ்வரன் எழுந்தார். "எல்லாம் சரி. அம்மனுக்கு யாரு பதில் சொல்றது?"

"பெட்டிய மூடியே வைங்க அண்ணே. மூடி மேல எவ்வளவு சந்தனம் வேணுன்னாலும் அப்புங்க. உள்ள என்ன இருக்குன்னு அம்மனுக்குத் தொறந்து காட்டித்தான் தெரியணுமா?"

மகேஸ்வரன் யோசித்தார். அம்மனின் அறிவைக் குறைத்து மதிப்பிட அவருக்கு மனம் வரவில்லை.

பூசை நாள் வந்தது. லேத்துக்கு மாலை, மில்லிங் மெஷினுக்கு வாழைக்கன்று, ஒரு மூலையில் மேளம். நடுவில் பட்டு விரித்த மேசையில் கேஜ் பெட்டி, மூடியில் ஒற்றைப் பொட்டோடு கல்யாணப் பெண்ணாக இருந்தது. கொழும்புக் கம்பனி இஞ்சினியர் அனுஷியாவும் வந்திருந்தாள். வேர்க்‌ஷொப் பாடம் படித்துவிட்டதா என்று பார்க்க அனுப்பியிருந்தார்கள். கலந்தர் முதலாளி வழக்கம்போல வாசலோடு நின்று கடலையை ரசித்துத் தின்றுகொண்டிருந்தார். எந்த வகுப்புக்கும் வராதவர் வேர்க்‌ஷொப்பிலேயே அவர் ஒருவர்தான். முதலாளிக்கு எதற்கு வகுப்பு?

அனுஷியா, "புது செட் வாங்கியிருக்கீங்களாமே?" என்று கேட்டதுதான் தாமதம்.

"வாங்காம! நீங்களே பாருங்க மிஸ்." முதலாளி மேசைக்கு நடந்தார், பெட்டியைத் திறந்தார், கடலை தின்ற கையாலேயே நடுக்கட்டையைத் தூக்கினார். எண்ணெயும் உப்பும் தேங்காய்ப்பூவும் பூத்த பெருவிரல், அந்தக் கண்ணாடி முகத்தில் அழுத்தமாகப் பதிந்தது.

ஷியாமளா கூட்டத்தின் மறுபக்கத்தில் நின்றாள். அவள் வாய் திறப்பதற்குள்,

"முதலாளி! கைய எடுங்க!"

கற்பூரத் தட்டோடு நின்ற மகேஸ்வரன்தான். மாத்தளையில் ஒரு முதலாளியை இப்படி அதட்டியதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. மேளம் நின்றது. முதலாளி திகைத்துப்போய்க் கட்டையை விடப் பார்த்தார்.

"போட்டுடாதீங்க! அப்படியே வச்சிருங்க. மேர்வின், துடைக்கிற தோல கொண்டா!"

தட்டை யார் கையிலோ திணித்துவிட்டு, கையைத் துடைத்துக் கையுறை மாட்டி, மகேஸ்வரன் கட்டையை வாங்கினார். கற்பூரம் அணையட்டும் என்று காத்திருந்து ஸ்பிரிட்டால் துடைத்தார், மென்தோலால் ஒற்றினார், முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், துருத்தடுப்பு எண்ணெயை மெல்லிசாகப் பூசினார், அதற்குரிய குழியில் இறக்கினார். மந்திரம் சொல்லும்போது கூட அவர் இவ்வளவு கவனமாக இருந்ததில்லை. மூடிவிட்டு, கலைந்த பொட்டைப் புதிதாக வைத்தார். மூடியில்.

அனுஷியா ஷியாமளாவைப் பார்த்தாள். "இவங்களுக்கு யார் பழக்கினது?"

"நான்தான் மிஸ்," என்றாள் ஷியாமளா. வெட்கப்பட வேண்டிய இடமாக அவளுக்குத் தெரியவில்லை.

"அடுத்த ஓர்டர இங்கயே குடுக்கலாம்னு எழுதுறேன்."

முதலாளி தொண்டையைச் செருமினார். "சாவி உங்ககிட்டயே இருக்கட்டும், புள்ள. மச்சானுக்கு டைல்ஸ் வேல நெறய."

"சரி முதலாளி. ஒரு வேல மட்டும் பாக்கி இருக்கு."

அவள் நீட்டியது ஒரு பழைய கட்டை. வேர்க்‌ஷொப் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, கலந்தர் முதலாளி கட்டைவிரலை அழுத்தினார். கிளாஸ் கவிழ்ந்தது.

"இதுல துரு வருமா?" என்றார் மெதுவாக.

"திங்கக்கிழம வந்து பாருங்க."

திங்கட்கிழமை கேட் திறக்கும் முன்பே முதலாளி அங்கே நின்றார். ஷியாமளா வந்ததும் கிளாஸைத் தூக்கிப் பார்த்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தன் ரேகைதான் எல்லாரையும்விடப் பெரிதாக விழுந்திருக்கிறது என்று ஷியாமளாவிடம் சொன்னார், கொஞ்சம் பெருமையோடு.