நான் துடைத்த பதினொரு பருந்துகள்

தொழில் என்ன என்று கேட்பவர்களிடம் கோவில்பட்டியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன் என்று சொல்வேன். உண்மையில் பாதி நாள் நான் செய்வது வானம் துடைப்பது. ஐம்பதை நெருங்கும் வயதில், பின்னால் ஒரு அலமாரி நிறையப் புத்தகங்களை வைத்துக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, கம்ப்யூட்டர் திரையில் காக்கை பிடித்துக்கொண்டிருப்பேன். படித்த படிப்புக்குக் காக்கை பிடிப்பது எவ்வளவோ தேவலை என்று என் மனைவி சொல்வாள்.

கல்யாணத்துக்கு முன்பு கரிசல் காட்டில், காற்றாலைகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வது இப்போது வழக்கமாகிவிட்டது. மார்கழியில் மழை ஓய்ந்ததும் எங்கள் பக்கத்து வானம் கழுவிக் கவிழ்த்த வாளி மாதிரி சுத்தமாக இருக்கும். அதில் ஒரு பறவை பறந்தால் ஆல்பத்தில் அது பறவையாகத் தெரியாது, அழுக்காகத் தெரியும். பெண்ணின் அம்மா அதன் மேல் விரலை வைத்து, "இது என்ன அண்ணாச்சி, கறையா?" என்பார். கறை இல்லை, கரிச்சான் குருவி என்று விளக்குவதைவிட அழிப்பது சுலபம்.

சுலபம் என்றாலும் அதற்கும் ஒரு பக்குவம் உண்டு. தனியாக வானத்தின் நடுவில் நிற்கும் புள்ளி என்றால் ஹீலிங் பிரஷ்ஷை அதைவிடக் கொஞ்சம் பெரிதாக வைத்து ஒரு தட்டு, போய்விடும். அதே புள்ளி பெண்ணின் கூந்தலுக்குப் பக்கத்தில் இருந்தால் அந்த பிரஷ் கூந்தலின் கருப்பையும் இழுத்து வானத்தில் ஈஷிவிடும். அங்கே குளோன் ஸ்டாம்ப்தான். பக்கத்திலிருந்தே நீலத்தை எடுத்து, ஒட்டினாற்போல் வைக்க வேண்டும். மேலே அடர்ந்திருக்கும் நீலம் கீழே வர வர வெளுப்பதால், தூரத்திலிருந்து எடுத்து ஒட்டினால் பழைய சட்டையில் புதுத்துணி வைத்த மாதிரி இருக்கும். விமானம் போட்ட கோடு இன்னும் சிரமம். அடிக்கொரு தரம் புது இடத்திலிருந்து நிறம் எடுத்து, கோட்டோடு கூடவே போக வேண்டும். மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை என்றால் கோட்டை அப்படியே விட்டுவிடுவேன். ஊரில் கடை வைத்திருக்கிறார் என்றால் அழித்துவிடுவேன். எதை விடுவது, எதை எடுப்பது என்பதில் எனக்கிருந்த தத்துவம் அவ்வளவுதான்.

அன்று காலை கடையைத் திறந்த கையோடு ஒரு பெண் மாடி ஏறி வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கூடவே புருஷனின் தம்பி. ஆடு வளர்க்கிற குடும்பம், விளாத்திகுளம் ரோட்டில் ஒரு கிராமம். அவர் நீட்டிய செல்போனில் ஒரு ஆள் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு சிரித்தார்.

"இத பெரிசாப் போட்டுத் தாங்க அண்ணாச்சி. ஸ்டேசன்ல கேக்காவ. பஸ் ஸ்டாண்டுல ஒட்டணும்."

"யாரும்மா இவரு?"

"எங்க வீட்டுக்காரவிய. நேத்து ஆடு பத்திட்டுப் போனாவ. பொழுதடைய ஆடு மட்டும் வந்துட்டு. அவிய வரல."

ஆட்டில் ஒன்று குறைந்தது, போன் அணைந்து கிடக்கிறது, வழக்கமாக மேய்க்கிற தெற்குக் காடு முழுக்க டார்ச் அடித்துத் தேடியாயிற்று என்று தம்பிக்காரர் சொன்னார். அந்தப் பெண் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் பயம் குறைந்திருக்கும்.

படத்தைத் திரையில் ஏற்றினேன். ஆளின் தலைக்கு நேர் மேலே ஒரு காக்கை.

"அந்தக் காக்காய மட்டும் எடுத்துருங்க அண்ணாச்சி. தலைக்கு மேல வச்சுக்கிட்டு… நல்லா இல்ல."

வழக்கம்போல் கை பிரஷ்ஷுக்குப் போனது. வட்டத்தைக் காக்கையின் மேல் வைத்தேன். அழுத்தவில்லை. நேற்று சாயங்காலம் இதே நாற்காலியில் உட்கார்ந்து நான் அழித்த பறவைகள் ஞாபகத்துக்கு வந்தன.

முந்தின நாள் பிற்பகல் ஒரு ஜோடியை அதே ரோட்டில், காற்றாலைகளுக்குப் பக்கத்தில் ஒரு மக்காச்சோளக் காட்டில் வைத்து எடுத்திருந்தேன். மாதிரிக்கு ஐந்து படம் உடனே வேண்டும் என்று மாப்பிள்ளை அவசரப்படுத்தியதால் அன்றைக்கே உட்கார்ந்து சுத்தம் செய்து அனுப்பினேன். முதல் படத்தில் மூன்று பருந்து. அடுத்ததில் ஐந்து. கடைசிப் படத்தில் பதினொன்று. பறவைகள் மேல் ஆசை வைத்து எண்ணவில்லை. மணிக்கட்டு வலித்ததால் எண்ணினேன். இன்றைக்கு ஏன் இவ்வளவு சனியன்கள் என்று திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி அழித்தேன். மூன்று ஏன் பதினொன்று ஆயிற்று என்ற கேள்வி, அலமாரி நிறையப் படித்தவனுக்குத் தோன்றவில்லை.

"நீங்க தேடினது தெக்க," என்று தம்பிக்காரரிடம் கேட்டேன். "வடக்க, காத்தாடிப் பக்கம் போயிருப்பாரா?"

"போவ மாட்டாவ. அங்கன நாய்த் தொல்ல."

நான் நேற்று படம் எடுத்தது அந்தப் பக்கம்தான். அழித்த படங்களில் ஒன்றும் இருக்காது. அழித்ததை அழித்தபடியே சேமிப்பது என் கெட்ட பழக்கம். தனி லேயரில் வேலை செய்தால் திரும்பப் பெறலாம் என்று ஊருக்கெல்லாம் சொல்வேன், நான் செய்ய மாட்டேன். பொறுக்கிய சிலவற்றைத்தான் கம்ப்யூட்டருக்கு மாற்றியிருந்தேன்; எடுத்த வரிசையில் முழுதும் இருப்பது கேமராவில் இருக்கும் கார்டில் மட்டும். பதினொரு மணிக்கு ஒரு காதுகுத்து என்பதால் காலையில் வந்ததும் அதை ஃபார்மட் செய்து காலியாக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். நினைத்தேனா, செய்துவிட்டேனா? கேமராப் பையைத் திறந்து கார்டை எடுத்தேன். சொருகிய பிறகு சில நொடிகள் திரையில் ஒன்றும் வரவில்லை.

படங்கள் வந்தன. முந்நூற்றுச் சொச்சம்.

வேகமாக ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளினேன். ஜோடி கீழே சிரித்து, திரும்பி, கைகோத்துக்கொண்டிருக்க, மேலே கரும்புள்ளிகள் வட்டம் போட ஆரம்பித்தன. தம்பிக்காரர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். இடது மேல் மூலையில் விரல் வைத்து, "இதுவும் பருந்தா?" என்றார்.

"அது கேமராவுக்குள்ள இருக்க தூசி. எல்லாப் படத்துலயும் ஒரே எடத்துல நிக்குது பாருங்க. பருந்துன்னா நகரும்."

"மத்ததெல்லாம் நகருது," என்றார். குரல் இறங்கிவிட்டது. "அண்ணாச்சி, கொஞ்சம் பின்னால போங்க… இந்தா. இது சும்மா காத்துல சுத்துதது இல்ல. எறங்குது."

உண்மைதான். பிந்திய படங்களில் இரண்டு பருந்துகள் மற்றவற்றைவிடத் தாழ வந்து, மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் தெரிந்த சீமைக்கருவேல் புதருக்குள் போய், திரும்ப மேலே வரவே இல்லை. ஒரு படத்தை மட்டும் பார்த்தால் எதுவும் தெரியாது. பருந்து என்றால் பறக்கும், அவ்வளவுதான். வரிசையாகப் பார்த்தால் மட்டும், ஒரு இடத்தை அவை விரல் நீட்டிக் காட்டின. அந்த விரலைத்தான் நான் துடைத்திருந்தேன்.

நாங்கள் இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் அந்தப் பெண் நிற்பது தெரியும். மெல்ல ஏதாவது ஒரு பொய் சொல்லி இவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று நான் யோசித்தபோது, அவரே பேசினார்.

"பருந்து ஆட்டுக்கும் எறங்கும், மனுசனுக்கும் எறங்கும். வாங்க, போய்ப் பாப்போம்."

"மதினி, நீங்க இங்கன இருங்க…"

"ஏலே, வண்டிய எடுலே."

இரண்டு பைக்கில் போனோம். கடைசிப் படத்தை என் போனில் ஏற்றி வைத்திருந்தேன். நேற்று நான் நின்ற இடத்தைக் கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை. மக்காச்சோளம் மிதிபட்டுக் கிடந்தது, கல்யாணப் பெண்ணின் கொண்டைப் பூ காய்ந்து கிடந்தது. அங்கே நின்று படத்தைப் பிடித்துப் பார்த்தேன். இடது பக்கத்துக் காற்றாலைக்கும் ஒற்றைப் பனைக்கும் நடுவே, பனைக்குக் கொஞ்சம் கிட்டத்தில். அந்தத் திசையில் நடந்தோம். அடியில் ஈரம் காயாத கரிசல் செருப்பைப் பிடித்துப் பிடித்து இழுத்தது. நான் வேண்டுமென்றே கொஞ்சம் பின்தங்கினேன். முதலில் பார்க்கிற ஆளாக நான் இருக்கக் கூடாது என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு பிரார்த்தனை இல்லை.

புதருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பருந்துகள் சடசடவென்று எழுந்தன. அந்தப் பெண் ஓடினார். வரப்பில் ஒரு ஆடு கிடந்தது. பாதி ஆடு.

"நாய் கடிச்சது," என்றார் தம்பிக்காரர். குந்தி உட்கார்ந்துவிட்டார். "ஆடுதான் மதினி. ஆடுதான்."

எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. திரும்பிப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். அந்தப் பெண்ணோ ஆட்டைப் பார்க்கவே இல்லை. புதருக்குள் கை விட்டு எதையோ எடுத்தார். ரப்பர் செருப்பு, ஒற்றைக்கால். அதற்கு இரண்டடி தள்ளி, சுற்றுச்சுவர் இல்லாத பழைய கிணறு ஒன்று கருவேல் கிளைகளுக்கடியில் வாயைத் திறந்துகொண்டிருந்தது.

அவர் குப்புறப் படுத்து உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். பதில் இல்லை. திரும்பக் கூப்பிட்டார். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது அடியில் யாரோ இருமினார்கள்.

பிறகு நடந்ததெல்லாம் மற்றவர்கள் செய்தது. தம்பிக்காரர் போன் பண்ணி ஊரைக் கூட்டினார். கயிற்றுக் கட்டில் ஒன்றைக் கொண்டுவந்து நான்கு மூலையிலும் வடம் கட்டி இறக்கினார்கள். நான் பனைமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன், மரத்துக்கு ஆதரவாக.

நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தொடை எலும்பில் கம்பி வைத்திருந்தார்கள். நாயைக் கல்லால் அடித்து விரட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்தபோது, கால் வைத்த இடத்தில் தரை இல்லை என்று அவர் சொன்னார். தெற்கில் புல் இல்லாததால் அன்றைக்கு மட்டும் வடக்கே போயிருக்கிறார்.

"கெணத்துக்குள்ள இருந்து பாத்தா ஒரு தாம்பாளம் அளவுக்கு வானம் அண்ணாச்சி. அதுல பருந்து வருது, போவுது. எனக்குத்தான் காத்திருக்குன்னு நெனச்சுட்டேன். எப்ப உள்ள எறங்கும்னு பாத்துக்கிட்டே கெடந்தேன்."

அந்த நேரத்தில் அதே பருந்துகளுக்குக் கீழே, கூப்பிடு தூரத்தில் நாங்கள் நின்றிருந்தோம் என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஆரஞ்சுப் பழப் பையை மடியில் உருட்டிக்கொண்டிருந்தேன். அவரே சொன்னார்.

"நீங்க வந்தது தெரியும். பாட்டு கேட்டுது. கத்திப் பாத்தேன், பாட்டுச் சத்தத்துல ஒங்களுக்குக் கேக்கல போல. அப்புறம் நெனவு தப்பிட்டு."

அந்த ஜோடி ஸ்பீக்கர் கொண்டுவந்திருந்தது. நடக்கிற காட்சியை வீடியோவும் எடுத்ததால், ஒவ்வொரு தரம் நடக்கும்போதும் அதே பாட்டைத் திரும்பப் போட்டோம். சத்தத்தைக் கூட்டச் சொன்னது நான்தான்.

"நல்ல பாட்டு," என்றார் அவர். "நாலு தடவ போட்டீய."

தலையாட்டினேன். நாங்கள் போட்டது ஏழு தடவை.