கையெழுத்து வாங்காத நோட்டீஸ்

சாவிக்காரர் வேலையை விட்டுக் கிளம்பிய நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. பதினெட்டு வருடமாகக் கம்பெனிக் குடியிருப்பின் குழாய், தாழ்ப்பாள், தண்ணீர்த் தொட்டி எல்லாம் அவர் பொறுப்பு. இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கினாலே தெரு திரும்பிப் பார்க்கும். வாய் சும்மா இருந்திருக்கலாம். மேலாளரின் மனைவி கேட்டதும், தொட்டியைக் கழுவி இரண்டு வருடம் ஆயிற்று என்று போட்டு உடைத்துவிட்டார். மறுநாளே பணிநீக்கம். கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, லேசாகிப் போன இடுப்போடு வீட்டுக்கு நடந்தார்.

அந்த வீடும் கம்பெனியுடையது. மகளின் பள்ளி இறுதித் தேர்வு முடிய இன்னும் ஏழு வாரம் இருந்தது. பள்ளியோ அடுத்த தெருவில்.

"எத்தன நாள் விட்டு வெப்பாங்க?" என்றாள் மனைவி.

அதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? காலி செய்யச் சொல்லும் நோட்டீஸை இத்தனை காலமும் வீடு வீடாகக் கொடுத்தவரே அவர்தான். ஒதுக்கீட்டு ஒப்பந்தப்படி, நோட்டீஸைக் கையில் கொடுத்துப் பதிவேட்டில் தேதியோடு கையெழுத்து வாங்க வேண்டும். அன்றிலிருந்து முப்பது நாள். அதற்குள் பூட்டுப் போடவோ தண்ணீரை நிறுத்தவோ கூடாது. அப்புறமும் நகராவிட்டால் கம்பெனி கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

கம்பெனி ஆபீஸ் குமாஸ்தா மறுநாளே நோட்டீஸைத் தட்டச்சு செய்து, வழக்கம்போலப் பட்டுவாடாத் தட்டில் போட்டார். அந்தத் தட்டை எடுப்பவர் சாவிக்காரர் ஒருவரே. அவர் இடத்துக்கு ஆள் போடவில்லை. காவலாளியைக் கேட்டதற்கு, அது தன் வேலை இல்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். குமாஸ்தாவுக்கோ நோட்டீஸைத் தூக்கிக்கொண்டு தெருவில் போனால் கௌரவம் குறைந்துவிடும்.

ஆபீஸைக் கடக்கையில் ஜன்னல் வழியே தட்டு நிரம்புவதைப் பார்க்கும்போதெல்லாம் சாவிக்காரருக்குக் கை அரித்தது. பதினெட்டு வருடப் பழக்கம்.

"உங்க நோட்டீஸ நீங்களே எடுத்துட்டு வந்து நிக்காதீங்க," என்றாள் மனைவி.

அவர் அந்தப் பக்கம் போவதையே நிறுத்திக்கொண்டார். மகள் கடைசிப் பரீட்சை எழுதி வந்த மறுநாள் சாமான்களை வண்டியில் ஏற்றினார். குமாஸ்தாவைக் கையோடு அழைத்துவந்து விசிறி, குழாய், கதவு எல்லாம் சரிபார்க்கச் செய்து, ஒப்படைப்புச் சீட்டில் கையெழுத்து வாங்கினார். குமாஸ்தாவுக்கு ஒரே நிம்மதி. தட்டு அவர் நினைவிலேயே இல்லை.

பதினோரு மாதம் கழித்து, ஊரின் மறுகோடியில் இருந்த வாடகை வீட்டு வாசலில் சாவிக்கொத்து குலுங்கியது. புதிதாக வேலைக்கு வந்த ஆள், விசாரித்து விசாரித்து வந்து சேர்ந்திருந்தான்.

"தட்டுல அடியில கெடந்துச்சுண்ணே. கையெழுத்து வாங்காம வரக்கூடாதுன்னுட்டாங்க."

கிடைத்த நாளிலிருந்து முப்பது நாட்களுக்குள் காலி செய்யவும் என்று இருந்தது. சாவிக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தேதி, நேரம் எல்லாம் எழுதி ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டார்.

"தொட்டியக் கழுவுனாங்களாப்பா?"

அவன் இரண்டு பக்கமும் பார்த்தான். "இன்னும் இல்லண்ணே."

"யாரு கேட்டாலும் சொல்லிடாத."