இரண்டு அங்குலம்

மட்டக்களப்பு வாவிக்கரையில் இருந்த மின்நிலையத்தில் நான் மேற்பார்வையாளனாக இருந்த காலத்தில் ஒரு மனிதன் என்னால் செத்தான், இன்னொருவன் என்னால் அடிவாங்கினான். ஐம்பது வயதுக்குப் பிறகு எழுதுகிறேன் என்பதற்காக இதை மென்று விழுங்கப் போவதில்லை.

சுதந்திரம் கிடைத்த மறுவருஷம். பட்டணத்துக்கு நாங்கள் கொடுத்தது நேர்மின்னோட்டம். பின்புறக் கொட்டகை நிறைய பற்றரிகள். அங்கிருந்து சுவரோரமாக இரண்டு தட்டைச் செப்புப் பட்டைகள், ஒன்றில் மின்னோட்டம் போகும், மற்றதில் திரும்பி வரும். வரைபடப்படி இரண்டுக்கும் இடையில் ஆறு அங்குலம். இரண்டு அடிக்கு ஒரு பீங்கான் தாங்கி. யுத்தத்துக்குப் பிறகு தாங்கிகள் ஒவ்வொன்றாக வெடித்துப் போயின. கொழும்புக்கு எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது.

அந்த வாரம்தான் சீமையிலிருந்து வரும் தொழில் சஞ்சிகையில் அம்பியருக்குப் புதிய வரைவிலக்கணம் வந்திருந்தது. முடிவில்லாமல் நீண்ட மெல்லிய இரண்டு கம்பிகளை வெற்றிடத்தில் ஒரு மீற்றர் இடைவெளியில் சமாந்தரமாக வைக்க வேண்டும். இரண்டிலும் ஒரே அளவு மின்னோட்டம் ஓட வேண்டும். மீற்றர் நீளத்துக்கு ஒரு நியூட்டனின் கோடியில் இரண்டு பங்கு விசை இருந்தால் அந்த மின்னோட்டம்தான் ஒரு அம்பியர். கணக்குப் போட்டேன். ஒரு அரிசிமணியின் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு! தனியே இருந்து சிரித்தேன். இந்த விசைக்குப் பயந்தா அந்தக் காலத்தில் இவ்வளவு தாங்கி வைத்தார்கள் என்று.

தாங்கிகளுக்குப் பதிலாக ஒரு முதிரை மரக்கட்டையை வெட்டுவித்து, ஒவ்வொரு துண்டிலும் இரண்டு வெட்டுப் போட்டு, பட்டைகளைச் செருகினேன். துண்டு சிறியது, வெட்டுகளுக்கிடையில் இரண்டு அங்குலம்தான் கிடைத்தது. இரண்டு அடிக்கு ஒன்று வைக்க மரமும் போதவில்லை, ஆறு அடிக்கு ஒன்று வைத்தேன். வரைபடத்தைத் திருத்தவில்லை. காத்தான்குடியிலிருந்து வந்து இயந்திரங்களைப் பொருத்தும் பிற்றர் பார்த்துவிட்டு, "ஐயா, இது கிட்டக் கிட்டக் கிடக்கே?" என்றார். "உனக்கு என்ன தெரியும்?" என்றேன். தொழிலாளர் சங்கத்தில் முன்னுக்கு நின்றவர் அவர். அவர் வாயை அடைப்பதில் எனக்கு ஒரு ருசி இருந்தது.

இரண்டு கிழமை போனது. ஒரு பகல், மாங்கேணியிலிருந்து வந்து வேலைசெய்த கூலியாள் ஏணியில் நின்று சுவரில் பதித்த திருகாணி ஒன்றை ஸ்பானரால் இறுக்கிக்கொண்டிருந்தார். மின்னை நிறுத்திவிட்டு வேலைசெய்ய மேலிடம் விடாது. ஸ்பானர் கை நழுவியது. ஐந்து அங்குல ஸ்பானர் இரண்டு பட்டைகளுக்கும் குறுக்கே விழுந்து உருகி ஒட்டிக்கொண்டது. பற்றரிகள் ஐயாயிரம் அம்பியரைக் கக்கின. இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். முப்பது அடிப் பட்டையும் உயிர் வந்த மாதிரி உதறி, முதிரைக் கட்டைகளைப் பிளந்து, அகன்று வளைந்தது. பியூஸ் எரிந்து விழும்வரை நீல நெருப்பு. ஏணியோடு விழுந்தவரின் முகத்தில் கண்கள் இருந்த இடம் தெரியவில்லை. தோல் சட்டையோடு சேர்ந்து வந்தது. பிற்றர் கடப்பாரையை எடுத்து ஸ்பானரை அடித்துத் தட்டிவிட்டு அவரை இழுத்துப் போட்டார். பொழுது சாய முன்னரே அந்த மனிதர் செத்துப்போனார்.

பொலிஸ் வந்தபோது பிற்றர் கையில் கடப்பாரை. அடுத்த கிழமை வேலைநிறுத்தம் என்று சங்கம் அறிவித்திருந்தது. பிரதம எஞ்சினியர் வளைந்த பட்டைகளைப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார், கணக்குப் போட்டார். ஆறு அங்குல இடைவெளியில் ஐயாயிரம் அம்பியருக்கு அடிக்கு இரண்டேகால் இறாத்தல் தள்ளுவிசை வரும். இரண்டு அடிக்கு ஒரு தாங்கி இருந்தால் செம்பு வளையாது. "நாசவேலை. பட்டைகளுக்கு நடுவில் கடப்பாரையை விட்டு நெம்பியிருக்கிறான்" என்றார். அவர் கணக்கில் பிழையில்லை. பிழை வரைபடம் அவருக்குக் கொடுத்த ஆறு அங்குலத்தில் இருந்தது. கட்டைகள் கரியாகிவிட்டன. இரண்டு என்று தெரிந்தவர்கள் நானும் பிற்றரும்தான்.

நான் வாய் திறக்கவில்லை.

இரண்டு நாள் பிற்றரை ஸ்டேஷனில் வைத்து அடித்தார்கள். ஸ்டேஷன் சுவருக்கு வெளியே நின்று கேட்டேன். "அல்லாவே! கம்பி தானாத்தான் வளைஞ்சது. எங்கட ஐயாட்டக் கேட்டுப் பாருங்க. ஐயாக்குத் தெரியும்" என்று கத்தினார். பிறகு பிரம்பு விழும் சத்தம் மட்டும். கொலை வழக்கென்றால் கயிறுதான். நான் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றேன். கோழையென்றால் என்னைப்போல் ஒரு கோழை வாவியின் இரண்டு கரையிலும் கிடையாது.

அந்த இரண்டு நாளும் கடதாசியில் கணக்குப் போட்டேன். மின்னோட்டம் ஐயாயிரம் மடங்கானால் விசை இரண்டரைக் கோடி மடங்கு. இரண்டு கம்பியிலும் அது பெருகுகிறதல்லவா. இடைவெளி மீற்றரிலிருந்து இரண்டு அங்குலமானால் இன்னும் இருபது மடங்கு. அடிக்கு ஏழு இறாத்தல். ஆறு அடிக்கு நாற்பதுக்கு மேல், தகடு போல மெல்லிய செம்பின் மேல். சஞ்சிகையைப் படித்து நான் சிரித்த அதே அரிசிமணிதான்.

மூன்றாம் நாள் காலை இன்ஸ்பெக்டரையும் எஞ்சினியரையும் பற்றரிக் கொட்டகைக்கு அழைத்தேன். தடித்த செப்புக் கம்பி இரண்டை ஒரு விரலிடையில் சமாந்தரமாகத் தொங்கவிட்டு, ஒன்றில் மின்னோட்டம் போய் மற்றதில் திரும்பும்படி இணைத்தேன். சில பற்றரிகளை மட்டும் இணைத்து ஒரு கணம் சுவிற்சைத் தட்டினேன். கம்பிகள் துள்ளி விலகின. இணைப்பை மாற்றினேன், இரண்டிலும் ஒரே திசையில் ஓடும்படி. சட்டென்று ஒன்றோடொன்று மோதின.

"இது எனக்கும் தெரியுமே" என்றார் எஞ்சினியர். "ஆறு அங்குலத்தில் வளையாது."

"இரண்டு அங்குலம் சேர். ஆறு அடிக்கு ஒரு கட்டை. நான்தான் வைச்சனான். பிற்றர் அப்பவே சொன்னவர், நான் கேக்கல்ல."

பன்னிரண்டடி உயரத்தில் கூரையோரம் போன பட்டையையும் காட்டினேன். ஒவ்வொரு ஆறடிக்கும் நடுவில், இரண்டும் ஒரே அளவாக வெளிப்பக்கம் வளைந்திருந்தன. முப்பதடியையும் ஒருத்தன் அளந்து அளந்து நெம்ப முடியாது. எஞ்சினியர் அளவுகோலை எடுத்துத் தானே அளந்தார். பிறகு என் கன்னத்தில் அறைந்தார்.

மாலையில் பிற்றரை விட்டார்கள். வலது கை முறிந்து தொங்கியது, முன்பல் இரண்டு இல்லை. நான் எதிரே போனேன். இடது கையால் என் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாத்தினார். "ரெண்டு நாள்" என்றார். "ரெண்டு நாளா நீங்க எங்க இருந்தீங்க?" விட்டுவிட்டுத் துப்பினார், சிவப்பாக. "என்ட கணக்கை விடுங்க ஐயா. செத்தவன்ட பொஞ்சாதிட்டப் போய்ச் சொல்லுங்க."

வேலை போன மறுநாள் மாங்கேணிக்குப் போனேன். அந்தப் பெண் வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"அவர் கை தவறவிட்டதாலதான் எல்லாம் எண்டு சொல்றாங்க. மெய்யா ஐயா? என்ட மனுசன்ட பிழையா?"

"இல்ல. அந்த ஸ்பானர் அஞ்சு அங்குலம். ஆறு அங்குல இடைவெளி இருந்திருந்தா ஊடால நிலத்தில விழுந்திருக்கும். நான்தான் கிட்டக் கொண்டுவந்து வைச்சனான்."

அவள் அழவில்லை. எழுந்து முற்றத்து மண்ணை இரண்டு கையாலும் வாரி என் முகத்தில் தூற்றினாள். "நாசமாப் போ" என்றாள். மறுபடி வாரினாள், மறுபடி. கண்ணில் விழுந்தது, வாயில் விழுந்தது. கை ஓயும்வரை தூற்றினாள். நான் துடைக்காமல் நின்றேன்.