பொன்மணியின் பேர் மாறிய பில்

அய்யாதுரை நாடார் கண்ணை மூடிய மறு வருஷமே அவருடைய அச்சகத்தை மகன்கள் இருவரும் பாகம் பிரித்தார்கள். மிஷின் எத்தனை, குடோன் எத்தனை, எந்த வெடிக் கம்பெனியின் ஆர்டர் யாருக்கு என்று பேசி முடித்தபின், ஆட்களையும் பிரித்தார்கள். அதில் ஆட்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூத்தவர் ராஜபாண்டியனுக்கு 'அய்யாதுரை பிரிண்டர்ஸ்' என்ற பேரும் பழைய கட்டடமும் போயின. இளையவர் ஸ்ரீராம்குமார் பக்கத்து ஷெட்டில் 'ஸ்ரீராம் பேக்ஸ்' என்று போர்டு மாட்டினார். இருபத்தோரு வருஷமாகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பொன்மணி இளையவர் பங்கில் வந்து சேர்ந்தாள்.

சாத்தூரில் தீப்பெட்டி ஒட்டிய தாய்க்குப் பிறந்தவள். தபால் வழியில் பி.காம். முடித்து, ஒரு மழைக்காலத்தில் அய்யாதுரையிடம் வேலைக்கு வந்தவள் அப்படியே தங்கிவிட்டாள். நல்ல வாய், நல்ல கோபம். லாரிக்காரன் முதல் ஆடிட்டர் ஆபீஸ் வரை அவளிடம் ஒரு தடவையாவது வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள். தன்னை மாதிரி கவனமான ஆள் ஊரில் இல்லை என்று ஒரு நினைப்பும் உண்டு. அந்த நினைப்பில்தான் மண் விழுந்தது.

தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. பட்டாசுப் பெட்டி அச்சடிக்க அட்டை தீரும் நிலை. விருதுநகர் அட்டை வியாபாரி சீனிச்சாமிக்கு போன் போட்டு, "அண்ணாச்சி, நம்ம கம்பெனிக்கு ஒரு லோடு அட்டை ஏத்திவிடுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவள் குரலைக் கேட்டதும் அவர் எந்தக் கம்பெனி என்று கேட்கவே இல்லை. பொன்மணி என்றால் அய்யாதுரை பிரிண்டர்ஸ் என்பது விருதுநகர் வரைக்கும் தெரிந்த சங்கதி ஆயிற்றே. லோடு வந்தது. ஒரே தெரு, பழகிய ஆள் என்பதால் லாரிக்காரர் அவளுக்கே போன் செய்தார். அவள் ஷெட்டில் இறக்கினாள். அண்ணாச்சி கடை பில்லைப் பார்க்க என்ன இருக்கிறது என்று ஃபைலில் குத்திவைத்துவிட்டாள்.

அடுத்த மாதம் பதினான்காம் தேதி ஜி.எஸ்.டி. தளத்தில் வாங்கின பில்களின் பட்டியல் ஏறியது. அதில் அந்த லோடு இல்லை. ஃபைலைப் புரட்டிப் பில்லை எடுத்தாள். வாங்குபவர் பெயர், அய்யாதுரை பிரிண்டர்ஸ். வரி எண்ணும் அவர்களுடையதுதான். சரக்குக்குக் கொடுத்த வரியை, தான் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் பில் யார் எண்ணில் இருக்கிறதோ, கணக்கில் அது அவர்களுக்குத்தான் போகும். சரக்கு தம்பி வீட்டில், வரவு அண்ணன் வீட்டில்.

மறைக்கத் தெரியாதவள். நேரே போய்ச் சொன்னாள். ஸ்ரீராம்குமார் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏன்க்கா, அண்ணன் கணக்குல கொண்டுபோய்ச் சேத்துருக்கீக. மறந்து செஞ்சீகளா, மறக்க முடியாம செஞ்சீகளா?"

"பழக்க தோசம் மொதலாளி. கம்பெனி பேரச் சொல்லாம விட்டது என் தப்பு."

"ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு இருந்தா இப்படித்தான்" என்றவர், ஜி.எஸ்.டி. கணக்குக்குள் போவதற்கு ஓ.டி.பி. எண் வரும் போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதுவரை அந்த போன் அவள் மேசையில்தான் கிடக்கும்.

அதற்குமேல் அவளுக்கு நிலைகொள்ளவில்லை. வரவு வராமல் போனால் இந்த வேலை போகும். வேலை போனால்கூடப் போகட்டும். அண்ணனுக்கு உளவு பார்த்தவள் என்ற பேரோடு போவதா? டீ ஆறிப்போனது. உட்கார்ந்து கடிதம் அடித்தாள்.

'தங்கள் பில்லில் வாங்குபவர் பெயரும் ஜி.எஸ்.டி. எண்ணும் தவறாக உள்ளன. சரக்கு எங்கள் ஷெட்டில் இறக்கப்பட்டது. சரியான பெயர் ஸ்ரீராம் பேக்ஸ். சரியான எண்ணும் முகவரியும் கீழே உள்ளன. பதிவுச் சான்று நகலும் தவறான பில்லின் நகலும் இணைத்துள்ளோம். இதைச் சரிசெய்து எங்கள் பெயரில் பில் அனுப்பக் கோருகிறோம்.'

கம்பெனி சீல் போட்டு மெயிலில் அனுப்பிய கையோடு போனும் போட்டாள்.

சீனிச்சாமி பெருமூச்சு விட்டார். "ஏம்மா, அன்னைக்கே சொல்லியிருந்தா அந்தப் பில்லையே ரத்து பண்ணியிருப்பேன். இப்ப எங்க வரி ரிட்டனும் போட்டாச்சு. பழைய பேருக்குப் போட்ட பில்லக் கழிக்க கிரெடிட் நோட் போட்டு, ஒங்க பேருக்குப் புதுப் பில்லு போடணும்."

"போடுங்க அண்ணாச்சி."

"போடுவேன். ஆனா அவுக அந்த வரவ எடுத்துட்டாகன்னா வில்லங்கம் எனக்குல்ல வரும். இது எங்க சரக்கு இல்ல, வரவு எடுக்கலைன்னு பெரியவரு கையெழுத்துல ஒரு லெட்டரு வாங்கியா. அவுக இருபதாந் தேதி ரிட்டன் போடுறதுக்குள்ள போயிப் பேசிரு."

பாகம் பிரித்த நாளிலிருந்து அண்ணன் தம்பிக்குப் பேச்சு கிடையாது. நடுவில் ஒரு சுவர் வேறு. ஸ்ரீராம்குமாரிடம் சொன்னபோது, "ஒங்களுக்குத் தெரிஞ்ச எடந்தான, போயிட்டு வாங்க" என்றார். அந்தப் பேச்சு அவளைச் சுருக்கென்று குத்தியது.

எட்டு மாதத்துக்குப் பிறகு பழைய வாசலை மிதித்தாள். கால் கூசியது. பழைய ஆட்கள் நலம் விசாரித்தார்கள். அவள் இருந்த மேசையில் வேறொரு பெண் இருந்தாள். பில்லை மேசைமேல் வைத்துவிட்டு நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னாள். ராஜபாண்டியன் தன் ஆளைக் கூப்பிட்டு, "இந்த வரவ எடுத்தாச்சா?" என்றார். இன்னும் எடுக்கவில்லை. அவளுக்கு மூச்சு வந்தது. வரவு எடுக்கக் கூடாது என்று சொல்லி, கடிதம் அடிக்கவைத்துப் படித்துப் பார்த்துக் கையெழுத்தும் போட்டார். அவர் நல்லவர்தான், தம்பி என்ற பேச்சு வந்தால் மட்டும் முகம் சுருங்கிவிடும்.

"ஒன்னிய அவன் நல்லா வச்சிருக்கானா?"

"வச்சிருக்காரு."

"வச்சிருக்கணும்ல. பாகம் பிரிக்கையில நாலு கலர் மிஷின அவனுக்குத்தான் ஒதுக்குனேன். அது வேணாம், பொன்மணியக் குடுங்கன்னான். கிறுக்குப் பயன்னு நெனச்சேன். இப்பத்தான் தெரியுது. இந்தப் பிள்ளைக்கு கணக்கு ஓடமாட்டேங்கு. சீசன் முடியவும் இங்கிட்டே வந்துருதியா?"

நாலு கலர் மிஷின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்ரீராம் பேக்ஸில் இரண்டு கலர் மிஷின்தான். ஒவ்வொரு அட்டையையும் இரண்டு தடவை ஓட்டிச் சாகிறார்கள். அந்த மனுஷன் ஒரு நாளும் இதைச் சொல்லிக் காட்டியதில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. பெரியவருக்கு ஒரு பதிலைச் சொல்லிவிட்டு, கடிதத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஸ்ரீராம்குமார் ஷெட் வாசலில் நடைபோட்டுக்கொண்டிருந்தார். கடிதத்தைக் கொடுத்தாள். வாங்கினாரே தவிரப் படிக்கவில்லை.

"அண்ணன் வேற எதுவும் கேட்டாராக்கா?"

"கேட்டாரு. சீசன் முடியவும் வந்துரச் சொன்னாரு."

அவர் முகம் சுண்டிப்போனது. அவருடைய சந்தேகத்துக்குப் பின்னால் இருந்தது என்ன என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மனுஷன் பயந்துபோயிருக்கிறார்.

"நீங்க என்ன சொன்னீக?"

"நாலு கலர் மிஷின எங்க மொதலாளிகிட்ட எறக்கிட்டு, பெறகு என்னியக் கேளுங்கன்னு சொன்னேன்."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பொன்மணி கடிதத்தை அவர் கையிலிருந்து உருவி, ஸ்கேன் எடுத்து சீனிச்சாமிக்கு அனுப்ப உள்ளே போனாள்.